ஊறுகாய், கருவாடு, பிரஷர்: ஒரு பக்கத் தாள் எழுதிய கதை



நான் நம்ம கூட்டமைப்பில் ஒரு குழு உறுப்பினர். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் ஆரம்பித்த பிறகு சுகாதாரத் தன்னார்வலராகவும் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிறேன். இன்னைக்கு நான் பேசப் போறது சில பேருக்குக் கோபம் வரலாம். ஏன்னா நம்மில் மூன்று குழு ஊறுகாய் போடுது, இரண்டு குழு கருவாடு விற்குது. நானே ஊறுகாய்க் குழுதான். அதனால எதிரியா நினைக்காம கேளுங்க.

எங்க தெருவில் ஒரு அக்கா. 52 வயசு. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க. ஒவ்வொரு மாசமும் பார்த்தா 160-க்கு 100, இல்லைன்னா 158-க்கு 98. "உப்பைக் குறைங்கக்கா"ன்னு சொல்வேன். "குறைச்சுட்டேன்மா, குழம்புல பாதிதான் போடுறேன், வீட்டுல எல்லாரும் சப்புன்னு இருக்குன்னு திட்டுறாங்க" என்பாங்க. பொய் சொல்லலை, உண்மைதான். ஒருநாள் காலையில் போனப்போ பழைய சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. தொட்டுக்க மாங்காய் ஊறுகாய், ஒரு பெரிய கரண்டி. அது எங்க குழு ஊறுகாய்! அப்போதான் எனக்கு உறைச்சது.

நாம ஊறுகாய் போடுற கணக்கையே எடுத்துக்குவோம். ஒரு கிலோ மாங்காய்க்கு 150 கிராம் கல் உப்பு. மிளகாய்த்தூள், எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோ வரும். அதாவது பத்தில் ஒரு பங்கு உப்பு. அக்கா எடுத்த கரண்டி 20 கிராம் இருக்கும், அதில் 2 கிராம் உப்பு. ராத்திரியும் அதே அளவு. ஆக 4 கிராம். மத்தியானம் பாறைக் கருவாடு, ரெண்டு துண்டு சேர்ந்து 30 கிராம். உப்புப் போட்டுக் காய வைத்த கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்காவது உப்பு இருக்கும், சிலதில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகும். குறைச்சலா வச்சாலும் 3 கிராம். மொத்தம் 7 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளே உப்பு இருக்கணும்னு சொல்லுது. அது தலை தட்டின ஒரு டீஸ்பூன். குழம்புச் சட்டியில் கை வைக்கும் முன்னாடியே அக்கா அந்த அளவைத் தாண்டியாச்சு. உப்பு உடம்பில் தண்ணியைப் பிடித்து வைக்கும். ரத்தக் குழாயில் ஓடுற அளவு கூடும், அழுத்தம் ஏறும். குழம்பில் கிள்ளிக் கிள்ளிக் குறைத்ததை ஊறுகாய் அள்ளிக் கொடுத்துடுச்சு.

அன்னைக்கு ராத்திரியே ஒரு தாள் எழுதினேன். முதல் வரி, "ஊறுகாய், கருவாடு கூடவே கூடாது." கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த மாசம் பார்த்தா அந்தத் தாள் அரிசி டப்பா மூடிக்கு அடியில் மடிச்சு இருக்கு. "கருவாடு இல்லாம நான் என்ன சாப்பிட, காய் விக்கிற விலைக்கு?"ன்னு கேட்டாங்க. நியாயம்தானே. பிறகு ரெண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். அதை அப்படியே வாசிக்கிறேன்.

"ஊறுகாய் தினமும் வேண்டாம். வேணும்னு தோணும் நாளில் டீஸ்பூன் நுனியில் வர்ற அளவு, அதுவும் ஒரு வேளைக்கு மட்டும். ஊறுகாய் வச்ச சோற்றுக்குத் தனியா உப்பு வேண்டாம். மோர் மிளகாய், அப்பளம், வடகத்திலும் உப்பு இருக்கு, ஊறுகாயோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

கருவாடு வாரத்துக்கு ஒரு நாள், ஒரு சின்னத் துண்டு. சின்னதா நறுக்கி, ஒட்டியிருக்கும் உப்பை உதிர்த்துக் கழுவணும். நிறைய வெதுவெதுப்பான தண்ணியில் அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணியைக் கொட்டணும். புதுத் தண்ணியில் இன்னொரு அரை மணி. பிறகு ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணியையும் கொட்டணும். குழம்புக்கு உப்புப் போடக் கூடாது.

மாத்திரையை நிறுத்தக் கூடாது."

இவ்வளவுதான். இதில் சிலதுக்குக் காரணம் சொல்லணும்.

தண்ணியை மாத்தணும்னு ஏன் எழுதினோம்? கருவாட்டில் இருக்கும் உப்பு தண்ணிக்கு வரும். தண்ணியும் உப்புக் கரிக்க ஆரம்பிச்சதும் அதுக்கு மேல வர்றது மந்தமாயிடும். அதனால ஒரே தண்ணியில் ராத்திரி பூரா போடுறதை விட, ரெண்டு மூணு தடவை மாத்துறதுதான் பலன். கொதிச்ச துண்டை லேசாப் பிய்த்து வாயில் போட்டுப் பாருங்க. சுருக்குன்னு கரிச்சா இன்னொரு தண்ணி. எவ்வளவு ஊறவைத்தாலும் உப்பு முழுசாப் போகாது, அதனாலதான் வாரம் ஒரு நாள். நெத்திலி மாதிரி சின்னதைக் கொதிக்க விட்டா கரைஞ்சிடும், ஊறவைத்தாலே போதும். உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் காய்ந்த நெத்திலி கிடைத்தால் அதை வாங்குறது நல்லது, விற்கிறவங்ககிட்டயே கேளுங்க.

குழம்பில் உருளைக்கிழங்கு போட்டா உப்பை உறிஞ்சிடும்னு சொல்வாங்க. அந்தக் கிழங்கையும் நாமதானே சாப்பிடுறோம்? உப்பு எங்கேயும் போகலை. புளி, மிளகாய் கூட்டினா நாக்குக்குத் தெரியாம மறையும், அவ்வளவே. இந்துப்பு, கல் உப்பு எல்லாமும் பிரஷருக்கு ஒண்ணுதான். கடையில் "குறைந்த சோடியம்" உப்புன்னு ஒண்ணு வருது. அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் அது ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காம வாங்காதீங்க.

ஊறுகாய்க் குழுக்காரங்க ஒண்ணு கேப்பீங்க, "உப்பைக் குறைச்சுப் போட்டா என்ன?"ன்னு. நாங்க போட்டுப் பார்த்தோம். 20 ஜாடி. ரெண்டாவது வாரமே மேலே வெள்ளையாப் பூசணம். அத்தனையும் குப்பைக்கு. உப்புதான் அதைக் கெடாமல் காக்குது, அதனால் வச்சுச் சாப்பிடுற ஊறுகாயில் கை வைக்க முடியாது. பிரஷர்காரங்க வீட்டுக்கு வேற வழி: அரை மாங்காயைப் பொடியா நறுக்கி, மிளகாய்த்தூள், காயம், கடுகு தாளிச்சு, உப்பு ரெண்டு சிட்டிகை. அன்னைக்கே செஞ்சு அன்னைக்கே முடிச்சிடணும்.

இன்னொரு கணக்கும் அக்கா வீட்டில் போட்டோம். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு 20 கிராம்னா, ஒரு கிலோ உப்பு பாக்கெட் 50 நாள் வரணும். மீன் கழுவப் போகும் உப்பு தனி. அவங்க வீட்டில் 30 நாளில் தீர்ந்தது. பாக்கெட் பிரிக்கிற தேதியை இப்போ அதிலேயே பேனாவால் எழுதி வைக்கிறாங்க. முதல் ரெண்டு வாரம் சாப்பாடு சப்புன்னுதான் இருந்ததாம். பிறகு கல்யாண வீட்டுச் சாம்பார் கரிக்குதுன்னு அவங்களே சொன்னாங்க.

மூணு மாசம் கழிச்சு 138-க்கு 88. அந்த மூணு மாசமும் மாத்திரையை ஒரு நாள்கூட விடலை. முன்னாடி இடையிடையே விட்டதா அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. அதனால உப்பால எவ்வளவு குறைஞ்சது, மாத்திரையால எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது.

அந்தத் தாளை 100 பிரதி எடுத்து வந்திருக்கேன். படிக்கத் தெரியாதவங்களுக்காக அடியில் கரண்டிப் படமும் மூணு தண்ணிச் சட்டிப் படமும் இருக்கு. போகும்போது வாசல் மேசையில் எடுத்துக்குங்க. எங்க குழு ஜாடியோடும் ஒரு பிரதி வைக்கலாமான்னு அடுத்த கூட்டத்தில் கேக்கப் போறேன். வியாபாரம் குறையும்னு ரெண்டு பேர் இப்பவே மறுக்கிறாங்க. நீங்களும் வந்து உங்க அபிப்பிராயத்தைச் சொல்லுங்க.