தளம் வார்க்கும் முன் முட்டுகளைப் பாருங்கள்

(பாலக்காடு மாவட்டம் சித்தூர் பகுதியில், வீட்டின் மேல்தளம் வார்க்கும் நாளன்று காலை கட்டுமானத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)



இன்னும் அரை மணி நேரத்தில் மிக்சர் ஓடத் தொடங்கிவிடும். அதன் பிறகு எவர் சொல்வதும் எவர் காதிலும் விழாது. எனவே சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லியாக வேண்டும்.

தளம் வார்க்கும் நாளில் ஆபத்து என்றதும் மேலிருந்து தவறி விழுவதே அனைவருக்கும் நினைவு வரும். அதைவிடக் கொடிய ஆபத்து தளத்தின் அடியில் இருக்கிறது. காங்கிரீட் இறுகும்வரை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளாது. அதன் முழுப் பாரமும் முட்டுகளின் மீதுதான் நிற்கிறது.

அந்தப் பாரம் எவ்வளவு? இந்தத் தளத்தின் பரப்பு 1000 சதுர அடி, கனம் 5 அங்குலம். கம்பியும் காங்கிரீட்டும் சேர்ந்து ஏறத்தாழ 29 டன். அதன்மீது ஆட்களும் வைப்ரேட்டரும் சென்ட்ரிங் பலகைகளும் உண்டு. ஒரு மீட்டர் இடைவெளியில் முட்டு நிறுத்தினால் ஒவ்வொரு முட்டும் ஏறக்குறைய அரை டன் சுமக்கிறது. ஒரு முட்டு நழுவினால் அதன் பங்கு பக்கத்து முட்டுகளின் தலையில் ஏறும். அவையும் தளர்வாக இருந்தால் சரிவு ஒரு மூலையோடு நிற்காது.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் ரயில் நிலையத்தில் 2025 ஜனவரி 11 அன்று, புதிய கட்டடத்திற்குத் தளம் வார்த்துக்கொண்டிருந்தபோதே கட்டுமானம் சரிந்து, இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இடிபாட்டில் சிக்கினர். இரவு முழுவதும் மீட்புப் பணி நடந்தது. சென்ட்ரிங் தாங்காமல் போனதே காரணம் என்று முதற்கட்டத் தகவல்கள் கூறின.

ஆகவே மிக்சர் ஓடுவதற்கு முன் முட்டுகளைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்.

முதலில் தரை. கேரளத்தில் கரிசல் மண் உள்ள பகுதி சித்தூர் வட்டம்தான். காய்ந்திருக்கும்போது கல்லைப் போல வெடித்துக் கிடக்கும் அந்த மண், நீர் பட்டவுடன் இளகிவிடும். இன்று கலவை நீர் சென்ட்ரிங் இடுக்குகள் வழியே கீழே ஒழுகும். காலையில் உறுதியாக இருந்த தரை மதியம் சேறாகிவிடும். அதனால் எந்த முட்டும் வெறும் மண்ணில் நிற்கக் கூடாது. செங்கல் துண்டின் மீதும் நிற்கக் கூடாது. அது பாரத்தில் பிளந்துவிடும். அகலமான பலகை போட்டு, அதன் நடுவில்தான் முட்டு நிற்க வேண்டும்.

அடுத்தது முட்டு. கைகளால் பிடித்து அசைத்தால் அசையும் முட்டு பாரம் ஏற்கவில்லை என்று பொருள். ஆப்பு இருபுறமும் இறுக அடிக்கப்பட்டு, ஆணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வைப்ரேட்டரின் அதிர்வில் ஆப்பு மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். இரும்பு முட்டில் அதற்குரிய பின்னைத் தொலைத்துவிட்டுக் கம்பித் துண்டைச் செருகியிருப்பார்கள். அது வளையும். அப்படிப்பட்ட முட்டை மாற்றியாக வேண்டும்.

மூன்றாவது குறுக்குக் கட்டு. மெல்லிய நீண்ட கட்டை நசுங்கி உடைவதில்லை. நடுவில் வளைந்து முறிகிறது. பத்தடி முட்டின் நடுவில் இரண்டு திசைகளிலும் குறுக்குக் கட்டை கட்டினால், வளையக்கூடிய நீளம் பாதியாகிறது. வளைவை எதிர்க்கும் வலு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆளும் சட்டியும் போய்வர வழி வேண்டுமென்று குறுக்குக் கட்டைகளை அவிழ்ப்பது வழக்கமாக இருக்கிறது. அவிழ்த்தவர் தன் தலைக்கு மேல் உள்ள வலுவில் முக்கால் பங்கை அவிழ்த்துவிடுகிறார்.

இனி வார்க்கும் நேரம். கலவையை ஓரிடத்தில் குவிக்கக் கூடாது. இரண்டரை அடி உயரக் குவியல் ஐந்து அங்குலத் தளத்தைப் போல ஆறு மடங்கு பாரம். அந்த இடத்து முட்டுகள் அதற்காக நிறுத்தப்பட்டவை அல்ல. கொட்டக் கொட்டப் பரப்பிவிட வேண்டும்.

தளத்தின் அடியில் ஒருவரும் இருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கவும் நிழலுக்கும்கூட அங்கே ஒதுங்கக் கூடாது. ஆனால் முட்டுகளைக் கவனிக்க ஒருவர் வேண்டும். அவர் வெளியே நின்றே பார்க்க இதோ ஏற்பாடு: சென்ட்ரிங்கின் நடுவிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கல்லின் அடிக்கும் தரையில் உள்ள குறிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விடப்பட்டுள்ளது. இடைவெளி குறைந்தால் தளம் இறங்குகிறது. கட்டை முறியும் ஓசையும், பலகை இடுக்கில் திடீரென்று கலவை ஒழுகுவதும் அதே எச்சரிக்கைதான்.

அப்போது செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் ஒவ்வொன்றே. வேலையை நிறுத்தி மேலே இருப்பவர்கள் அனைவரும் இறங்கிவிட வேண்டும். இன்னொரு முட்டைக் கொடுக்கலாம் என்று எவரும் அடியில் ஓடக் கூடாது. தளத்தைக் காப்பாற்றப் போகிறவர்தான் முதலில் அதன் அடியில் சிக்குகிறார்.

இங்கே தமிழும் மலையாளமும் இந்தியும் வங்காளமும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் அடையாளம் ஒன்றாக இருக்கட்டும்: நீண்ட விசில், இரு கைகளும் தலைக்கு மேல். கவனிப்பவர் மட்டுமல்ல, சட்டி தூக்கும் சித்தாளும் அந்த அடையாளத்தைக் கொடுக்கலாம்.

பாதியில் நிறுத்தினால் கலவை வீணாகும், ஒப்பந்தம் நஷ்டமாகும் என்று சொல்லப்படும். நின்ற இடத்தில் முறையாக இணைப்பு விட்டுப் பின்னர் தொடர்வதற்கு வழி உண்டு. எங்கே விடுவது என்று பொறியாளர் தீர்மானிப்பார். முறிந்த முதுகெலும்புக்கு அப்படி வழி இல்லை. நிறுத்தச் சொன்னவரின் கூலி பிடிக்கப்படாது என்பதை ஒப்பந்ததாரர் இப்போதே, அனைவர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். அந்தச் சொல் இல்லாத இடத்தில் விசிலைக் கையில் வைத்திருப்பவர் ஊதத் தயங்குவார்.

கடைசியாக, கீழ்த்தளத்தின் முட்டுகள். இன்றைய தளத்தின் பாரம் கீழே உள்ள தளத்தின் மீதுதான் இறங்குகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் என்னுமிடத்தில் 1973 மார்ச் 2 அன்று எழுந்துகொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 14 தொழிலாளர்கள் மாண்டனர். மேலே வார்ப்பு நடந்துகொண்டிருந்தபோது, முழு வலுப் பெறாத கீழ்த்தளத்தின் முட்டுகள் முன்கூட்டியே எடுக்கப்பட்டதே காரணமென்று விசாரணையில் தெரிந்தது. முட்டு வாடகையை மிச்சப்படுத்தவோ அடுத்த வேலைக்கு எடுத்துப்போகவோ அவசரப்படும் இடம் எதுவாயினும் இதே ஆபத்து உண்டு.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் கூறும் குறைந்தபட்சக் காலம் இது: நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். சாம்பல் கலந்த சிமெண்டு மெதுவாக வலுப்பெறுவதால் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இன்றைய தேதியைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். முட்டைக் கழற்றச் சொல்பவர் யாராயினும் முதலில் அந்தத் தேதியை எண்ணட்டும்.

இப்போது இருவர் இருவராக உள்ளே சென்று ஒவ்வொரு முட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். கடைசி முட்டையும் பார்த்துவிட்டு எல்லோரும் வெளியே வந்த பிறகு மிக்சர் ஓடட்டும்.