வட்டி எங்கே போகிறது?

நெய்வேலி நகரியத்தில் சேமிப்புக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, அதன் தொழிலாளர்களுக்காக வட்டம் வட்டமாகக் கட்டப்பட்ட ஊர் இது. குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் நிறுவனத்துடையது. பணி ஓய்வு பெற்றவர் அதைக் காலி செய்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் சம்பளம் வரும் காலத்திலேயே அஞ்சலகத்திலோ வங்கியிலோ கொஞ்சம் போட்டு வைக்க வேண்டியிருக்கிறது. போடும்போது நாம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை சதவீதம் வட்டி? அந்தக் கேள்வி மட்டும் போதாது என்பதே இந்த உரையின் வாதம். கிடைத்த வட்டி எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். தனி வட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த இரண்டாவது கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் இரண்டையும் எளிதாகப் பார்த்துவிடுவோம். நாம் போடும் தொகை அசல். தனி வட்டியில் எத்தனை ஆண்டு ஆனாலும் அசலுக்கு மட்டுமே வட்டி கணக்கிடுவார்கள். கூட்டு வட்டியில் முதல் ஆண்டு வட்டியை அசலோடு சேர்த்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கூட்டுத்தொகைக்கு வட்டி வரும். அஞ்சலகத்தின் தேசிய சேமிப்புப் பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 2024-இல் அதற்கு ஆண்டுக்கு 7.7 சதவீத வட்டி இருந்தது. ஐந்தாண்டுத் திட்டம், குறைந்தது 1,000 ரூபாய் போடலாம். நாம் 10,000 ரூபாய் போட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு வட்டி 770 ரூபாய். அது நம் கைக்கு வராது, அசலோடு சேர்ந்துவிடும். எனவே இரண்டாம் ஆண்டில் 10,770 ரூபாய்க்கு வட்டி கணக்கிடுகிறார்கள். அது ஏறத்தாழ 829 ரூபாய். மூன்றாம் ஆண்டில் 893, நான்காம் ஆண்டில் 962, ஐந்தாம் ஆண்டில் 1,036. முடிவில் கைக்கு வருவது 14,490 ரூபாய். இதே 7.7 சதவீதம் தனி வட்டியாக இருந்திருந்தால் ஆண்டுக்கு 770 வீதம் ஐந்து ஆண்டுக்கு 3,850 ரூபாய் வந்து, மொத்தம் 13,850-இல் நின்றிருக்கும். வித்தியாசம் 640 ரூபாய். இந்த 640 ரூபாய் நம் அசல் ஈட்டியது அல்ல. வட்டி ஈட்டிய வட்டி. முதல் ஆண்டில் இரண்டு முறைக்கும் ஒரு பைசா கூட வித்தியாசம் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஓர் ஆண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போவது அதனால்தான்.

இப்போது அதே அஞ்சலகத்தில், அதே கவுண்டரில், இன்னொரு திட்டத்தைப் பார்ப்போம். டைம் டெபாசிட் என்று சொல்கிறோமே, அந்த ஐந்தாண்டுக் கால வைப்பு. அதற்கு அதே 2024-இல் 7.5 சதவீதம். பத்திரத்தைவிடக் குறைவு. ஆனால் இங்கே வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுகிறார்கள். 10,000 ரூபாய்க்கு முதல் மூன்று மாத வட்டி 187 ரூபாய் 50 காசு. அது அசலோடு சேர, அடுத்த மூன்று மாத வட்டி 191 ரூபாய் ஆகிறது. இப்படி நான்கு முறை கூட்டினால் ஆண்டு வட்டி 771 ரூபாய். 7.7 சதவீதப் பத்திரம் முதல் ஆண்டில் தருவது 770, 7.5 சதவீத வைப்பு தருவது அதைவிட ஒரு ரூபாய் அதிகம். சதவீதத்தை மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு இதுவே முதல் சான்று. ஆனால் கதை இங்கே முடியவில்லை. கால வைப்பின் விதிப்படி அந்த 771 ரூபாய் ஆண்டு முடிவில் வைப்பிலிருந்து வெளியே வந்துவிடும். அடுத்த ஆண்டு மறுபடியும் பழைய 10,000-த்துக்கே வட்டி. ஆண்டுக்குள் கூட்டு வட்டி, ஆண்டு தாண்டினால் தனி வட்டி. ஐந்து ஆண்டுக்கு 771 வீதம் 3,855 ரூபாய்தான். முதல் ஆண்டில் ஒரு ரூபாய் முந்திய திட்டம், ஐந்தாம் ஆண்டு முடிவில் 635 ரூபாய் பின்தங்கிவிடுகிறது.

வெளியே வந்த அந்த வட்டியை நாம் வாங்காமல் அப்படியே விட்டுவைத்தால் அதற்கும் வட்டி வருமே என்று சிலர் நினைக்கலாம். வராது. உரிய நாளில் எடுக்காத ஆண்டு வட்டிக்குக் கூடுதல் வட்டி கிடையாது என்று இத்திட்டத்தின் விதியே சொல்கிறது. சேமிப்புக் கணக்குக்கு மாற்றச் சொல்லியிருந்தால் அங்கே 4 சதவீதம் கிடைக்கும். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுதோறும் வரும் 771 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் தொடாமல் வைத்திருந்தால் ஐந்தாண்டு முடிவில் மொத்தம் ஏறத்தாழ 14,176 ரூபாய் சேரும். விட்டுவைத்ததைவிட இது நல்லதுதான். ஆனாலும் பத்திரம் தரும் 14,490-ஐ எட்டவில்லை. காரணம் எளிது. பத்திரத்தில் வட்டியும் 7.7 சதவீதத்தில் உழைக்கிறது. இங்கே அசல் 7.5-இலும் வட்டி 4-இலும் உழைக்கின்றன.

இதற்கு ஒரு மறுப்பு எழும். ஐந்து ஆண்டு காத்திருந்து 640 ரூபாய்தானே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐந்தாண்டுக்கு அது சிறிய தொகைதான். ஆனால் மேலே சொன்ன ஆண்டு வட்டிகளை மறுபடி நினைத்துப் பாருங்கள்: 770, 829, 893, 962, 1,036. முதல் உயர்வு 59 ரூபாய்; கடைசி உயர்வு 74 ரூபாய். வட்டி கூடுகிறது, கூடும் வேகமும் கூடுகிறது. எனவே காலம் நீள நீள இடைவெளி அதைவிட விரைவாக அகலும். இதற்கும் அஞ்சலகத்திலேயே சான்று உண்டு. கிசான் விகாஸ் பத்திரத்தில் 2024-இல் 7.5 சதவீதம், ஆண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி. போட்ட பணம் 115 மாதத்தில், அதாவது 9 ஆண்டு 7 மாதத்தில் இரட்டிப்பாகும் என்று அறிவித்திருந்தார்கள். அதே 7.5 சதவீதம் தனி வட்டி என்றால் 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 750. இன்னொரு 10,000 சேர 13 ஆண்டு 4 மாதம் ஆகும். ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டு வித்தியாசம். முப்பது வயதில் சேமிக்கத் தொடங்குபவருக்கு ஓய்வு பெறும் வயது வரை இப்படி மூன்று இரட்டிப்புகளுக்கு இடம் இருக்கிறது. அவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

அப்படியானால் தனி வட்டி என்றாலே நஷ்டமா? இது இரண்டாவது மறுப்பு. நஷ்டம் இல்லை, அது வேறு வேலைக்கு உரியது. பணி ஓய்வு பெற்றவர் ஒருவருக்கு மாதாமாதம் மளிகைக்கும் மருந்துக்கும் பணம் வேண்டும். அவர் மாத வருமானத் திட்டத்தில் ஒரு லட்சம் போட்டால், 2024-இன் 7.4 சதவீதப்படி மாதம் ஏறத்தாழ 617 ரூபாய் வரும். அசல் அப்படியே இருக்கும். இது தனி வட்டிதான். வட்டியை எடுத்துச் செலவழிப்பதே அவருடைய நோக்கம் என்பதால் அவருக்குப் பொருத்தமான திட்டமும் இதுதான். சேமிப்புப் பத்திரத்தில் போட்டிருந்தால் ஐந்து ஆண்டுக்குப் பணத்தைத் தொட முடியாது. மரணம், நீதிமன்ற ஆணை போன்ற சில காரணங்களுக்கே முன்கூட்டி எடுக்கலாம். தவறு நடப்பது எங்கே என்றால், மாத வருமானம் தேவைப்படாதவர் மாத வருமானத் திட்டத்தில் போட்டுவிட்டு, அந்த வட்டியை எடுக்காமல் விடும்போது. எடுக்காத அந்த மாத வட்டிக்கும் வட்டி கிடையாது. அப்படிப்பட்டவர் அதை மாதாமாதம் ஒரு ஆர்.டி. கணக்குக்குத் திருப்பிவிட்டால், வட்டி மறுபடி ஈட்டத் தொடங்கும்.

மூன்றாவது மறுப்பு கடன் பக்கத்திலிருந்து வருகிறது. ஊரில் கடன் கொடுப்பவர் தனி வட்டிதானே வாங்குகிறார், அது எப்படிக் குடும்பத்தை அழுத்துகிறது என்பது. இங்கே சதவீதத்துக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட வேண்டும். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்று பேசுவது மாதத்துக்கு. ஆண்டுக்கு அது 24 சதவீதம். அஞ்சலகம் நமக்குத் தருவதுபோல் மூன்று மடங்கு. அவ்வளவு உயர்ந்த விகிதத்துக்குத் தனி வட்டியே போதும். ஆனால் அது தனி வட்டியாகவே நிற்பதும் இல்லை. புரோநோட்டின் பேரில் வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலவரம்பு என்பதால், அதற்குள் நோட்டை மாற்றி எழுதும் வழக்கம் இருக்கிறது. 10,000 ரூபாய் வாங்கி, மாதம் 200 ரூபாய் வட்டியைக் கட்டாமல் மூன்று ஆண்டு ஓடிவிட்டால் வட்டி 7,200. புது நோட்டில் 17,200 ரூபாயை அசல் என்று எழுதினால், அந்த நிமிடத்தில் தனி வட்டி கூட்டு வட்டியாகிவிடுகிறது. மாத வட்டி 200-லிருந்து 344 ஆகிறது. நோட்டில் கூட்டு வட்டி என்ற சொல் எங்குமே இருக்காது. பழைய வட்டி புது அசலுக்குள் போய்விட்டதா என்று பார்த்தால்தான் தெரியும். சேமிப்பில் நமக்கு ஆதரவாக வேலை செய்த அதே கணக்கு, இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

ஆகவே நேயர்களே, வட்டி விகிதங்களை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. நான் சொன்ன எண்கள் மாறலாம், கணக்கின் முறை மாறாது. அடுத்த முறை படிவத்தில் கையெழுத்திடும் முன் கவுண்டரில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வட்டி என் கைக்கு வருமா, அசலோடு சேருமா? சேரும் என்றால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? நான் 10,000 போட்டால் முடிவில் மொத்தம் எவ்வளவு வரும்? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையை ரூபாயில் எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு திட்டங்களை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். மாதச் செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் வட்டி கைக்கு வரும் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். வேண்டாம் என்றால், வட்டியை அசலோடு சேர்க்கும் திட்டத்தில் போட்டுவிட்டு, முதிர்வு நாள் வரை தொடாதீர்கள்.