கொழுந்தை நிறுக்கத் தெரிந்த நமக்கு சோற்றை நிறுக்கத் தெரிய வேண்டாமா?
(மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கழிவு, சாக்குக் கழிவு என்று ஒரு கிலோ கூடக் குறைத்தாலும் நாம் சும்மா இருப்பதில்லை. எதற்குக் குறைத்தீர்கள், எவ்வளவு குறைத்தீர்கள் என்று கேட்கிறோம். ஆனால் கிளினிக்கில் "சோத்தக் குறைங்க, உடம்பக் குறைங்க" என்று சொல்லும்போது, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. சொல்பவர்களும் கணக்குச் சொல்வதில்லை. இன்றைக்கு அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

நம் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். வயது 56. முப்பது வருடம் மலை ஏறிக் கொழுந்து பறித்தவர், இப்போது ஓய்வு பெற்று வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறார். மலை ஏறுவது நின்றுவிட்டது, சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. எடை 68 கிலோ, முழங்கால் வலி, பிரஷர். எடையைக் குறைக்கச் சொன்னதும் மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டார். நான்காம் நாள் பீலியடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். இரவில் பசி தாங்காமல் இரண்டு மடங்கு சாப்பிட்டார். இரண்டு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தால் எடை ஒரு கிலோ கூடியிருந்தது. அக்காவின் மேல் பிழை இல்லை. அவருக்கு அளவு தெரியவில்லை, அவ்வளவுதான்.

நம் லயத்து வீடுகளில் தராசு இல்லை. ஆனால் கை இருக்கிறது. பொத்திய கை அளவு சோறு, இரண்டு பொத்திய கை அளவு மரக்கறி, விரல்களை விட்டு உள்ளங்கை அளவுக்கு மீன் அல்லது இறைச்சி என்று கையை வைத்துச் சாப்பாட்டை அளக்கும் முறை பல நாடுகளில் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. பெரிய ஆளுக்குப் பெரிய கை, சிறிய ஆளுக்குச் சிறிய கை. அதனால் அளவு ஓரளவு ஆளுக்கேற்ப அமைந்துவிடும். பொத்திய கை என்றால் நாம் வழக்கமாகச் சொல்லும் "ஒரு கைச்சோறு" இல்லை. அது ஒரு வாய்க்கு எடுப்பது. இது மூடிய கை எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அவ்வளவு.

கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் எல்லாரும் தமக்குச் சாதகமாகவே மதிப்பிடுவோம். அதனால் ஒரே ஒரு முறை அளந்துகொள்ள வேண்டும். நாங்கள் செய்தது இதுதான். ஒரு தாம்பாளத்தின் மேல் சிறிய சட்டியை வைத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினோம். அக்கா கையைப் பொத்தி, மணிக்கட்டு ரேகை வரை மெதுவாக உள்ளே விட்டார். தாம்பாளத்தில் வழிந்த தண்ணீரைப் பிள்ளையின் பால்போத்தலில் ஊற்றி அளந்தோம். அதில் மில்லிலீற்றர் கோடு இருக்கிறது. இரண்டு முறை ஊற்றி அளந்ததில் 260 மில்லிலீற்றர் வந்தது. அக்காவின் கணவருக்கு 360 வந்தது. பிறகு அந்த அளவு தண்ணீர் பிடிக்கும் ஒரு கோப்பையை வீட்டில் தேடி எடுத்தோம். இனி அக்காவுக்கு அந்தக் கோப்பைதான் பொத்திய கை.

அந்தக் கோப்பையில் சோற்றை அமுக்காமல் நிரப்பி, பாடசாலை மனைப்பொருளியல் அறையிலிருந்து கொண்டுவந்த தராசில் வைத்தோம். 180 கிராம். அமுக்கி வைத்தால் 220 கிராமுக்கும் மேலே போனது. கோப்பை அதேதான், அகப்பையால் அமுக்கியதில் வந்த வித்தியாசம் இது. ஆகவே அமுக்கக் கூடாது, மேலே குவிக்கவும் கூடாது.

அடுத்தது, வெந்த சோறும் வேகாத அரிசியும் ஒன்றல்ல. அரிசி தண்ணீரைக் குடித்து ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு எடையாகிறது. 180 கிராம் சோற்றுக்குள் இருப்பது சுமார் 65 கிராம் அரிசி. இந்த 65 என்ற எண்ணை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ரொட்டிக்கும் அதுதான் தேவைப்படும்.

நம்மில் பலர் ஏமாறுவது ரொட்டியில்தான். ரொட்டியைக் கையால் அளக்க முடியாது. உள்ளங்கை அளவு ரொட்டி மெல்லியதாகவும் இருக்கலாம், ஒரு விரல் தடிப்பாகவும் இருக்கலாம். அதனால் மாவிலிருந்து கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ கோதுமை மாவில் எத்தனை ரொட்டி சுடுகிறீர்கள்? பத்து சுட்டால் ஒரு ரொட்டியில் 100 கிராம் மா. உடம்புக்குச் சத்துக் கொடுப்பதில் 65 கிராம் மாவும் 65 கிராம் அரிசியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் அக்கா காலையில் சாப்பிட்ட இரண்டு ரொட்டி, மூன்று பொத்திய கை சோற்றுக்குச் சமம். "நான் காலைல சோறே தொட மாட்டேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் யோசித்தார். தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்தால் கணக்கு இன்னும் ஏறும்.

பருப்பையும் கறியாக வைத்து அளக்கக் கூடாது. கட்டிப் பருப்பு அரைக் கோப்பையும், ஆறு பேருக்காகத் தண்ணீர் விட்டு நீட்டிய பருப்பு அரைக் கோப்பையும் பார்வைக்கு ஒரே அளவுதான். ஆனால் உள்ளே இருக்கும் பருப்பு ஒன்றல்ல. 100 கிராம் மைசூர்ப் பருப்பை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 17 கிராம்கூட இல்லை. அதில் கிடைக்கும் புரதம் நான்கு கிராம் அளவுதான். அதனால் வேகாத பருப்பைக் கைப்பிடியால் அளந்து பானையில் போடுங்கள். அக்காவின் ஒரு கைப்பிடியை நிறுத்தோம், 40 கிராம் இருந்தது. அதில் புரதம் சுமார் 10 கிராம் வரும். சாப்பிடும் ஆளுக்கு ஒரு கைப்பிடி என்று போட்டால், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் ஆளுக்குரிய பங்கு பானையில் இருக்கும். சோற்றைக் குறைக்கிறவர் பருப்பையும் சேர்த்துக் குறைத்தால் பசி அடங்காது, கொழுப்போடு சதையும் கரையும். பருப்பு விலை எல்லார் கைக்கும் எட்டுவதில்லை என்பது நமக்குத் தெரியும். முடியாத நாளில் ஒரு முட்டையோ, உள்ளங்கை அளவு மீன் துண்டோ அந்த இடத்துக்கு வரலாம்.

மரக்கறியை வேகவைத்த பிறகு அளக்க வேண்டும். பச்சைக் கீரை ஒரு கட்டு பார்வைக்குப் பெரிதாக இருக்கும், வெந்தால் ஒரு பிடியாகிவிடும். கோவா, போஞ்சி, கரட், லீக்ஸ், கீரை எல்லாம் மரக்கறிக் கணக்கு. வேளைக்கு இரண்டு கோப்பை சாப்பிடலாம், அது ஏறக்குறைய 250 முதல் 300 கிராம். ஆனால் உருளைக்கிழங்கு, மரவள்ளி, ஈரப்பலாக்காய் ஆகியவை கறிச் சட்டியில் இருந்தாலும் சோற்றுக் கணக்கில்தான் சேரும். சோற்றோடு உருளைக்கிழங்குக் கறி சாப்பிட்டுவிட்டு மரக்கறி சாப்பிட்டதாக எண்ணக் கூடாது.

இப்போது அக்காவின் கணக்கைப் பார்ப்போம். முன்பு காலையில் இரண்டு பெரிய ரொட்டி. மதியம் மூன்று கோப்பை சோறு, அதாவது 540 கிராம், அதோடு தண்ணிப் பருப்பு. நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு கரண்டி ஐந்து கிராம் என்றாலும் 50 கிராம் சீனி. அது ஒரு கோப்பைச் சோற்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நாங்கள் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கிலோ மாவில் பத்துக்குப் பதிலாகப் பதினைந்து ரொட்டி சுடச் சொன்னோம். ரொட்டி இரண்டுதான், ஆனால் மா 200 கிராமிலிருந்து 130 ஆனது. மதியச் சோறு இரண்டு கோப்பை, அதோடு ஒரு கைப்பிடிப் பருப்பு, இரண்டு கோப்பை மரக்கறி. தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி. இரவுச் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. தலைசுற்றல் வரவில்லை. முழங்கால் வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் படி ஏறுவது இலேசாகியிருப்பதாகச் சொல்கிறார்.

இந்த அளவு மருந்துத் தராசு அல்ல. கால்வாசி முன்பின் இருக்கலாம். சரியாகப் போகிறதா என்பதை இடுப்பும் எடையும்தான் சொல்லும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே தராசில், காலையில் சாப்பிடுமுன் நிறுத்துப் பாருங்கள். ஒரு நூலால் தொப்புளுக்கு நேரே இடுப்பை அளந்து முடிச்சுப் போட்டு வையுங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் ஆண்களுக்கு 90க்கும் மேலே போனால் கவனிக்க வேண்டும். மாதம் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை குறைந்தால் போதும். ஒரு மாதமாகியும் அசையவில்லை என்றால் முதலில் கோப்பையை அமுக்கி நிரப்புகிறோமா என்று பாருங்கள், அதற்குப் பிறகு அரைக் கோப்பைச் சோறு குறையுங்கள்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். இது எல்லாருக்கும் உரியதல்ல. தினமும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிற, எடை கூடாத பெண்கள் சோற்றைக் குறைக்கக் கூடாது. நம்மில் இரத்தச்சோகை உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பருப்பும் கீரையும் மீனும் கூட வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், வளரும் பிள்ளைகள் இதைச் செய்யவே கூடாது. சீனி வருத்தத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் சீனி விழுந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பருப்பைக் கூட்டுவதற்கு முன்பும் கேட்க வேண்டும். முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைந்தால் அது சந்தோஷப்படும் விஷயம் அல்ல, உடனே காட்ட வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பொத்திய கை அளவுக் கோப்பையைக் கொண்டுவாருங்கள். தராசு இங்கே இருக்கும். சோறு நாங்கள் கொண்டுவருவோம். அவரவர் கோப்பை எத்தனை கிராம் என்று அடியில் எழுதிக்கொண்டு போகலாம். இனிக் கிளினிக்கில் "குறைங்க" என்று சொன்னால், "இப்போ ரெண்டு கோப்பை சாப்பிடுறேன், ஒரு கோப்பை 180 கிராம், எவ்வளவு குறைக்கணும்?" என்று கேளுங்கள். மடுவத்தில் கேட்கிற அதே குரலில் கேளுங்கள்.