முந்தியவனும் பிந்தியவனும்

(பாடசாலைக் கணிதக் கழகக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள விடயம் ஒரு கணக்கு. ஒரே வகுப்பில் ஒரே வயதினராய்ப் படித்த இருவரை எண்ணிக்கொள்வோம். ஒருவன் கமக்காரனாகிறான். தனது இருபதாவது வயதில், வெங்காயம் விற்ற காசில் 10,000 ரூபாவை வங்கியில் இடுகிறான். ஆண்டுக்கொருமுறை இவ்வாறே செய்து, இருபத்தொன்பதாவது வயதோடு நிறுத்திவிடுகிறான். பிள்ளைகளின் செலவு வந்துவிட்டது. அவனைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால், இட்ட பணத்தை அவன் தொடவில்லை. மற்றவன் மருத்துவம் படித்து, முப்பதாவது வயதில்தான் சேமிக்கத் தொடங்குகிறான். அவனும் ஆண்டுக்கு 10,000 ரூபா வீதம் ஐம்பத்தொன்பது வயதுவரை, முப்பது ஆண்டுகள் தவறாது இடுகிறான்.

இருவருக்கும் வட்டி நூற்றுக்கு எட்டு. ஆண்டு முடிவில் அது முதலோடு சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கமக்காரன் கையிலிருந்து இட்டது ஓர் இலட்சம். வைத்தியன் இட்டது மூன்று இலட்சம். அறுபதாவது வயதில் யாரிடம் கூடுதலாக இருக்கும்?

கமக்காரனிடம் 1,574,352 ரூபா. வைத்தியனிடம் 1,223,459 ரூபா. மூன்றிலொரு பங்கு இட்டவனே மூன்றரை இலட்சம் முன்னிற்கிறான்!

இதில் மாயம் எதுவுமில்லை. இருவரும் முப்பது வயதை எட்டும் நாளை மட்டும் கூர்ந்து பாருங்கள். அன்று கமக்காரனின் கணக்கில் 156,455 ரூபா இருக்கிறது. வைத்தியனோ முதல் 10,000 ரூபாவை அன்றுதான் இடுகிறான். அவ்வாண்டு முடிவில் வைத்தியனின் பணம் வட்டியோடு 10,800 ஆகிறது. கமக்காரனோ ஒரு சதமும் இடாமலே, வட்டியாக மட்டும் 12,516 ரூபா பெறுகிறான். உழைத்துச் சேர்ப்பவனைவிட, சும்மா இருப்பவனின் கணக்கே வேகமாக வளர்கிறது! அடுத்த ஆண்டு அந்த வட்டிக்கும் வட்டி உண்டு. ஆகவே இடைவெளி குறைவதில்லை; ஆண்டுதோறும் விரிகிறது. இவர்கள் நூறு வயது வாழ்ந்தாலும், இதே தொகையை இட்டுக்கொண்டு வைத்தியன் எட்டிப்பிடிக்க முடியாது.

இதனை அறிய இலகுவான வழியொன்று உண்டு. 72ஐ வட்டிவீதத்தால் வகுத்தால், பணம் இரட்டிக்க ஏறத்தாழ எத்தனை ஆண்டு செல்லும் என்பது தெரியும். எட்டு வீதத்துக்கு ஒன்பது ஆண்டுகள். முந்தியவன் சேமித்த காலத்துக்குள், அதாவது இங்கே பத்து ஆண்டுக்குள், பணம் இரட்டிக்குமாயின் பிந்தியவன் ஒருபோதும் அவனைப் பிடிக்கமாட்டான். அவ்வளவு விரைவாக இரட்டிக்காவிடின் ஒருநாள் பிடித்துவிடுவான்.

எனவே இக்கணக்கு எல்லா வட்டிக்கும் பொருந்தாது. இதனைச் சொல்லாமல் விடுவது உங்களை ஏமாற்றுவதாகும். வட்டி ஐந்து வீதமாயின், அறுபதாவது வயதில் கமக்காரனிடம் 570,790 ரூபாவும் வைத்தியனிடம் 697,608 ரூபாவும் இருக்கும். வென்றவன் தோற்கிறான். ஆறேகால் வீதத்தை அண்மித்த இடத்தில்தான் வெற்றி கைமாறுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒரே வட்டியைத் தருவதாக எந்த வங்கியும் வாக்களிப்பதில்லை என்பதையும் மறவாதீர்கள்.

விலைவாசி இன்னொரு சங்கதி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 வீதம் உயர்ந்திருந்தது. அத்தகைய ஆண்டில் எட்டு வீத வட்டி பெற்றவனின் பணம் எண்ணிக்கையில் வளர்ந்து, பெறுமதியில் தேய்ந்தது. ஆதலால் வட்டியை விலையேற்றத்தோடு ஒப்பிட்டே பார்த்தல் வேண்டும்.

ஆனால் நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது வேறோரிடத்தில். நிலையான வைப்பில் பணத்தை இட்டு, வட்டியை மாதந்தோறும் எடுத்துச் செலவழிக்கிறார்கள். நம் கமக்காரன் முப்பது வயதிலிருந்து அப்படிச் செய்திருந்தால், அறுபதாவது வயதிலும் அவனிடம் அதே 156,455 ரூபாதான் இருந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் முதல் ஆண்டுக்காண்டு அசையாமல் நின்றால், வட்டிக்கு வட்டி சேரவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

உரை முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “அப்படியானால் அந்த வைத்தியருக்கு வழியே இல்லையா, ஐயா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கரும்பலகையில் அவளையே கணக்கிடச் செய்தோம். எட்டு வீதத்தில், முப்பது வயதில் தொடங்குபவர் கமக்காரனுக்குச் சமமாக வரவேண்டுமானால், ஆண்டுக்கு 10,000 அன்று, 12,868 ரூபா இடவேண்டும் என்று விடை வந்தது.