நிழற்படத்திலிருந்து பறவைப் படத்தகடு

பறவைகளை இனங்காணுவதற்கென்று அச்சாகும் கைந்நூல்களில், வெண்மையான பக்கத்தின் நடுவே ஒரு பறவை பக்கவாட்டில் நின்றிருக்க, அதன் அங்கங்களை மெல்லிய கோடுகள் சுட்டிநிற்க, கோடுகளின் முனைகளில் சுருக்கமான குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும் படத்தகடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் கையிலுள்ள ஒரு நிழற்படத்தை ஆதாரமாகக் கொண்டு அத்தகைய தகடு ஒன்றை நாமே தயாரிப்பது எவ்வாறு என்பதே இன்றைய உரையின் விஷயம்.

புனே நகரை அடுத்த போசரியில், தொழிற்சாலையொன்றின் வரைபடப் பிரிவில் இயந்திர உறுப்புகளை வரைவது என் உத்தியோகம். ஓய்வு நேரத்தில் வரைவது பறவைகளை. இந்தப் பிரதேசத்துப் பறவைகளில் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது எதுவென்று கேட்டால், சற்றும் தயங்காமல் செம்மூக்கு ஆட்காட்டி என்பேன். மராத்திக்காரர்கள் டிட்வீ என்று அழைக்கும் இப்பறவை, ஆலைகளுக்கு இடையில் கட்டடம் எழும்பாமல் கிடக்கும் சரளை மனைகளிலும் ஏரிக்கரையிலும் தாராளமாக நடமாடுகிறது. தலையும் தொண்டையும் மார்பும் கறுப்பு. கண்ணுக்குப் பின்னிருந்து கழுத்தின் பக்கமாக இறங்கி வயிற்று வெண்மையோடு கலக்கும் வெள்ளைப் பட்டை. முதுகு வெண்கலச் சாயல் படிந்த பழுப்பு. நுனி கறுத்த சிவப்பு அலகு. கண்ணுக்கு முன்னால் சிவந்த தசைமடல். நீண்ட மஞ்சள் கால்கள். இத்தனை தெளிவான லட்சணங்களை ஒரே உடலில் தாங்கிய பறவை, புதிதாக வரையத் தொடங்குகிறவருக்குக் கிடைத்தற்கரிய துணை.

முதலில் எந்த நிழற்படத்தைத் தேர்ந்தெடுப்பது? முழுப் பக்கத்தோற்றம் வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தோற்றமாகத் தெரிவதெல்லாம் உண்மையில் அப்படி இருப்பதில்லை. பறவை நம்மை நோக்கியோ அப்பாலோ சிறிது திரும்பியிருந்தாலும் அலகு குறுகிவிடும், வாலும் குறுகிவிடும். இதைக் கண்டறிய எளிய பரீட்சை ஒன்றுண்டு. அடுத்தடுத்து எடுத்த சில படங்களில் அலகின் நீளத்தையும் கண்ணின் உயரத்தையும் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். தலை பக்கவாட்டில் திரும்பும்போது கண்ணின் உயரம் அநேகமாக மாறுவதில்லை, அலகோ குறுகுகிறது; ஆகவே எந்தப் படத்தில் ஈவு மிகப் பெரியதாக வருகிறதோ அந்தப் படத்தில் தலை பக்கத்தோற்றத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்று கொள்ளலாம். படம் எடுக்கும்போது முழந்தாளிட்டு, காமிராவைப் பறவையின் உயரத்துக்கு இறக்கிக்கொள்வதும் அவசியம். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் முதுகு அகன்றும் கால்கள் குட்டையாகவும் தெரியும். ஆட்காட்டியின் காலில் கணுவுக்குக் கீழுள்ள பகுதியே அலகைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், அத்தகைய படம் எவ்வளவு பிழையான உருவத்தைக் கொடுக்குமென்பது விளங்கும்.

இங்கே ஒரு வார்த்தை, நேயர்களே. வெறுந்தரையில் கற்களைச் சுற்றிலும் வைத்து முட்டையிடும் இப்பறவையை, கூட்டருகே சென்று படமெடுக்க வேண்டாம். அது பறவைக்குத் துன்பம் என்பது ஒருபுறமிருக்க, கலவரமுற்ற பறவை கழுத்தை நீட்டி உடலைக் குறுக்கி நிற்கும் கோலம் தகட்டுக்கு உதவாது. அமைதியாக இரை தேடி நடக்கையில் ஓரிரு கணம் நிற்கிற பறவையே நமக்கு வேண்டியது.

இனி, இந்த வேலை முழுவதிலும் என் மனத்துக்கு மிக உகந்த பகுதிக்கு வருகிறேன். அது ஒளியிலிருந்து இறகின் நிறத்தைப் பிரித்தெடுப்பது. நிழற்படம் காட்டுவது ஒரு பறவையை, ஒரு நாழிகையின் வெளிச்சத்தில். தகடு காட்ட வேண்டியது அந்த இனத்துக்கே நிரந்தரமாக உரிய நிறத்தை. நடுப்பகல் வெயிலில் முதுகு வெளுத்துவிடும். வயிறு நிழலில் விழுந்து சாம்பல் நிறமாகத் தோன்றும். தரை செம்மண்ணாயிருந்தால் அந்தச் சாம்பலில் மண்ணின் செம்மையும் ஏறும். எங்கள் பிரிவில் பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர், உச்சிவெயிலில் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்து மிகுந்த சிரத்தையோடு வரைந்து வந்தார். கோடுகளில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் வயிற்றை மங்கிய பழுப்பாகத் தீட்டியிருந்தார். கழுத்துப் பட்டையும் அதே சாயலில் இருந்தது. பறவைகளை அறிந்த நண்பர் ஒருவரிடம் அதைக் காட்டியபோது, இது குஞ்சுப் பருவமா, வேறு ஏதேனும் இனமா என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதே, ஆட்காட்டியின் இளம்பறவை உண்மையிலேயே மங்கிய நிறமுடையது, அதன் தொண்டையில் வெண்மையும் கலந்திருக்கும். நிழலை நிறமென்று தீட்டிவிட்டால், பார்க்கிறவர் அதற்கு ஒரு வயதையோ இனத்தையோ கற்பித்துக்கொள்வார்.

அந்த இளைஞரோடு அமர்ந்து நாங்கள் செய்த பரிகாரத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். அதே இடத்துப் பறவைகளை மெல்லிய மேகம் மூடிய ஒரு காலையிலும், சாய்வெயில் அடிக்கும் மாலையிலும் மீண்டும் படம் எடுத்தோம். மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அங்கம் அங்கமாக ஒப்பிட்டோம். மூன்றிலும் மாறாமல் நிற்பது இறகின் நிறம். படத்துக்குப் படம் மாறுவது வெளிச்சத்தின் வேலை. மார்பின் கறுப்பு முடியும் விளிம்பு மூன்றிலும் அதே இடத்தில் இருந்தது. வயிற்றின் சாம்பலோ நண்பகல் படத்தில் மட்டுமே இருந்தது. ஆகவே விளிம்பை வைத்துக்கொண்டு, சாம்பலை நீக்கினோம்.

ஆட்காட்டி இந்த விஷயத்தில் நமக்கு மேலும் ஓர் உபகாரம் செய்கிறது. கறுப்பையும் வெண்மையையும் தன் உடலிலேயே அது சுமந்து திரிவதால், நிறங்களைச் சரிபார்க்கும் அளவுகோலும் அதன்மீதே இருக்கிறது. கழுத்துப் பட்டையின் வெண்மை படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால், முதுகின் பழுப்பிலும் அதே மஞ்சள் கலந்திருக்கிறது என்று அறிந்து அதைக் கழித்துக்கொள்ளலாம். கணினியில் வேலை செய்கிறவர்கள் வெண்மையைச் சமன்செய்யும் கருவியால் அந்தப் பட்டையைத் தொட்டால் போதும். ஆனால் வெயில் நேராக விழுந்து இறகின் கோடுகளே அழிந்து வெளுத்துப்போன இடத்தைத் தொடலாகாது; அங்கே நிறத்தைப் பற்றிய செய்தி எதுவும் மிஞ்சியிருக்காது. நிழலிலுள்ள வயிற்றையும் தொடலாகாது. அதில் வானத்தின் நீலமோ தரையின் செம்மையோ ஏறியிருக்கும். முதுகில் பளிச்சிடும் பச்சையையும் ஊதாவையும் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது கோணத்துக்குக் கோணம் மாறும் மினுக்கம். தகட்டில் பழுப்பையே பிரதானமாகத் தீட்டி, தோளருகே அந்தச் சாயலை ஒரு மெல்லிய பூச்சாகக் காட்டினால் போதுமானது.

வரையும் முறையைச் சுருக்கமாகவே சொல்ல அவகாசம் இருக்கிறது. வேண்டிய அளவில் அச்சிட்ட படத்தின்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, கடினமான பென்சிலால் வெளிக்கோட்டையும் இறகுத் தொகுதிகளின் எல்லைகளையும் மட்டும் எடுத்து, நல்ல தாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணி வரையத் தொடங்கினால், காற்றில் கலைந்த ஓர் இறகும் இனத்தின் லட்சணமாகிவிடும். நிழற்படம் உங்களுடையதாகவோ, எடுத்தவரின் சம்மதம் பெற்றதாகவோ இருக்கட்டும்.

பக்கத்திலேயே மஞ்சள்மூக்கு ஆட்காட்டியையும் வரைந்துவிட்டால் தகட்டின் பயன் இரட்டிப்பாகும். அதற்குத் தலையின் உச்சி கறுப்பு, மார்பு மணல்நிறம், தசைமடல் மஞ்சள். நூல்கள் செம்மூக்கு இனத்துக்கு ஏறத்தாழ 35 சென்டிமீட்டரும், மற்றதற்கு ஏறத்தாழ 27 சென்டிமீட்டரும் நீளம் சொல்கின்றன. மூன்றில் ஒரு பங்காக்கினால் முறையே ஏறத்தாழ 11.7, 9 சென்டிமீட்டர் ஆகும். ஆனால் அந்த நீளம், பறவையை மல்லாத்தி அலகு நுனி முதல் வால் நுனி வரை நீட்டி அளந்தது. கழுத்தை உள்ளிழுத்து நிற்கும் பறவை அதைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் இரண்டையும் ஒரே விகிதத்தில் குறுக்குவதுதான் முக்கியம்.

குறிப்புக் கோடுகளில் என் உத்தியோகம் எனக்குக் கைகொடுக்கிறது. இயந்திர வரைபடத்தில் ஒரு கோடு இன்னொன்றை வெட்டினால் பட்டறையிலுள்ள தொழிலாளி அளவைத் தவறாகப் படித்து இரும்பை வீணாக்கிவிடுவார். ஆகவே கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது, எழுத்துகள் படுக்கையாக ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்பது எங்கள் பாடம். பறவைத் தகட்டுக்கும் அதுவே விதி. எந்த அங்கங்களைச் சுட்டுவது என்பதற்கு நல்ல முன்மாதிரி ரோஜர் டோரி பீட்டர்சன் 1934-ல் வெளியிட்ட கைந்நூல். உடற்கூறு முழுவதையும் பெயரிடாமல், இனத்தைப் பிரித்தறிய உதவும் அடையாளங்களை மட்டும் சிறு கோடுகளால் அவர் சுட்டினார். அண்டை வீட்டுப் பள்ளி ஆசிரியை ஒருவர், தம் வகுப்புச் சுவருக்காக என்னிடம் தகடு கேட்டபோது, எல்லா உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும் என்றார். இரண்டு பிரதிகள் வரைந்து கொடுத்தேன்: ஒன்றில் எல்லாப் பெயர்களும், மற்றதில் நான்கே குறிப்புகளும் இருந்தன. தசைமடலின் சிவப்பு, கழுத்தின் வெள்ளைப் பட்டை, மார்பின் கறுப்பு விளிம்பு, பறக்கையில் சிறகில் தெரியும் வெண்பட்டை. நான்கு குறிப்புள்ள தகட்டைப் பார்த்த குழந்தைகளே வெளியில் பறவையைக் கண்டவுடன் பெயர் சொன்னார்கள் என்று அவர் பின்னர் தெரிவித்தார். நான்காவது குறிப்புக்காக, பறக்கும் பறவையின் சிறிய சித்திரம் ஒன்றை மூலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிற்கும் பறவையில் அந்தப் பட்டையின் பெரும்பகுதி மறைந்திருக்கும்.

நேரம் நெருங்கிவிட்டது. மெய்யான பக்கத்தோற்றம், மூன்று வெளிச்சங்களில் ஒப்பீடு, எளிய வெளிக்கோடு, ஒரே விகிதம், சில குறிப்புகள் ஆகிய இவற்றோடு, தகட்டின் அடியில் ஒரு சிறிய அளவுகோட்டையும், பறவையைக் கண்ட இடத்தையும் தேதியையும் தவறாமல் எழுதுங்கள். ‘மூன்றில் ஒரு பங்கு’ என்று சொற்களால் மட்டும் எழுதினால், தகட்டைச் சிறிதாக்கிப் பிரதி எடுக்கையில் அது பொய்யாகிவிடும். அளவுகோடோ படத்துடன் சேர்ந்தே சுருங்கும். போசரியின் காலி மனைகள் ஆண்டுதோறும் கட்டடங்களாகி வருகின்றன. இடமும் நாளும் குறித்த தகடுகள் உங்களில் சிலர் கையிலேனும் சேர்ந்தால், எந்த மனையில் எந்தப் பறவை நடமாடியது என்பதைப் பின்வருவோர் அவற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.