துக்க விடுமுறையும் அவசர விடுமுறையும்: விதி எப்படி எழுதப்பட வேண்டும்?

(ஜெலுத்தோங்கில் கிளைச் செயலவையினர், மேற்பார்வையாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டில் ஓர் இறப்பு நேர்ந்தால் தொழிலாளிக்கு எத்தனை நாள் விடுமுறை உண்டு என்று நம்மைக் கேட்பவர்கள் பலர். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1955-ம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் ஆண்டு விடுமுறையைச் சொல்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். நோய் விடுமுறையைச் சொல்கிறது. பிரசவ விடுமுறையைச் சொல்கிறது. 2023 ஜனவரி முதல் தகப்பனுக்கும் 7 நாள் உண்டு. ஆனால் துக்க விடுமுறை என்று ஒரு நாளும் அதில் இல்லை. அவசர விடுமுறை என்ற பெயரும் இல்லை. அவை கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு, நிர்வாகம் தன் விதியில் எழுதியிருந்தால் உண்டு. இல்லையேல் மனேஜரின் மனத்தைப் பொறுத்தது.

சட்டம் வாய் திறக்காத இடத்தில் இன்னொரு பிரிவு மட்டும் உரக்கப் பேசுகிறது. அதே சட்டத்தின் 15-ம் பிரிவு, முன் அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலைநாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார் என்கிறது. ஆனால் அதிலேயே ஒரு காப்பும் உண்டு. தக்க காரணம் இருந்து, அதை முன்னதாகவோ கூடிய விரைவிலோ நிர்வாகத்துக்குத் தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால், அந்தக் குற்றம் சாராது. "முயன்றிருந்தால்" என்ற சொல்லை நாம் மறந்துவிடலாகாது. பிணத்தை வைத்துக்கொண்டு அழுகிறவன் மூன்றாம் நாள் வேலையைத் துறந்தவன் ஆகாமல் இருப்பது இந்த ஒரு சொல்லாலேதான். ஆகவே நமது விதியின் முதல் வேலை, யாருக்கு, எப்படித் தகவல் சொன்னால் போதும் என்று தெளிவாக்குவது.

இனி, இன்று பல இடங்களில் காணப்படும் விதியின் வாசகத்தைப் பார்ப்போம். "நெருங்கிய உறவினர் இறந்தால், நிர்வாகத்தின் விருப்பத்தின் பேரில், தகுந்த அத்தாட்சியுடன், தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை அளிக்கப்படலாம்." படிக்க இரக்கமாகத்தான் தோன்றும். ஆனால் இதில் நான்கு ஓட்டைகள் உள்ளன. நெருங்கிய உறவினர் யார் என்று சொல்லவில்லை. தகுந்த அத்தாட்சி எது, எப்போது தர வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று நாள் என்றால் வேலைநாளா, காலண்டர் நாளா என்று சொல்லவில்லை. "அளிக்கப்படலாம்" என்றதால் உரிமை என்றும் ஆகவில்லை. இப்படிப்பட்ட விதி மனேஜருக்கும் எளிதல்ல என்பதைக் கவனியுங்கள். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுத்தால் ஓரவஞ்சனை என்ற பேச்சு எழுகிறது. ஒவ்வொரு முறையும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. எனவே தெளிவு என்பது தொழிலாளிக்கு இரக்கம், மனேஜருக்கு வேலைக்குறைவு. இரண்டும் ஒரே திசையில்தான் போகின்றன.

ஓர் உதாரணத்தை நாளும் கணக்குமாகப் பார்ப்போம். ஜெலுத்தோங்கில் குடியிருந்து வேலை பார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 2,080 வெள்ளி. சட்டப்படி 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 80 வெள்ளி. திங்கள் முதல் சனி வரை வேலை, ஞாயிறு ஓய்வுநாள். சுங்கை பட்டாணியில் இருக்கும் தாயார் வியாழன் இரவு பத்து மணிக்குக் காலமாகிறார். வெள்ளிக்கிழமை தகனம். சனிக்கிழமை பால் தெளித்து அஸ்தி எடுத்துக் கடலில் கரைக்கிறார்கள். வியாழனை முதல் நாளாக எண்ணினால் எட்டாம் துக்கம் மறு வியாழன். பதினாறாம் நாள் கருமாதி அதற்கடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை.

"தொடர்ந்து மூன்று நாள்" என்ற பழைய வாசகத்தின்படி அவருக்குக் கிடைப்பது வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயிறு ஏற்கெனவே அவருடைய ஓய்வுநாள். அதை விடுமுறைக் கணக்கில் சேர்த்ததால் ஒரு நாள் பறிபோயிற்று. கருமாதிக்கு அவர் மறுபடியும் லீவு கேட்டு நிற்க வேண்டும். அது ஆண்டு விடுமுறையில் கழியும், அல்லது சம்பளமின்றிப் போகும். "மூன்று வேலைநாள், 30 நாளுக்குள், சேர்த்தோ பிரித்தோ" என்று எழுதியிருந்தால் கணக்கு வேறு. வெள்ளியும் சனியும் இரண்டு நாள். மூன்றாவது நாள் கருமாதி வெள்ளிக்கு. எட்டாம் துக்கத்துக்கு வேலை முடிந்து மாலையில் போய்க்கொள்ளலாம். மூன்று நாளைக்கும் 240 வெள்ளி சம்பளம் வந்துவிடும். நிர்வாகத்துக்கு ஆகும் செலவு அதே மூன்று நாள்தான். ஒரு காசு கூடவில்லை. ஆனால் மகன் தாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான்.

இந்த ஏற்பாடு இந்துக்களுக்கு மட்டும் உரியது அல்ல. இஸ்லாமியச் சகோதரர்கள் அன்றே அடக்கம் செய்வார்கள். அவர்களுக்கு முதல் நாளே முக்கியம். சீனச் சகோதரர்கள் மூன்று, ஐந்து, ஏழு நாள் என்று பிணம் காப்பார்கள். அடக்க நாள் தள்ளி வரும். எந்தச் சடங்குக்கு எந்த நாள் என்று விதியில் பட்டியல் போட்டால் அது முடியாது. நாளைத் தொழிலாளியே குறிக்கட்டும் என்று விட்டுவிட்டால் எல்லாச் சமயத்துக்கும் ஒரே வாசகம் போதும். ஆஸ்திரேலியாவின் 2009-ம் ஆண்டுச் சட்டம் தரும் இரண்டு நாளையும் பிரித்து எடுக்கலாம் என்று அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

யார் நெருங்கியவர் என்பது அடுத்த சிக்கல். பட்டியல் இருந்தால் மனேஜருக்கு எளிது. ஆனால் பட்டியலில் இல்லாதவர் இறந்தால் என்ன செய்வது? தாயில்லாப் பிள்ளையை வளர்த்த சின்னம்மா இருக்கிறார். ஆண் வாரிசு இல்லாத பெரியப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் தம்பி மகன். நியூசிலாந்தின் 2003-ம் ஆண்டு விடுமுறைச் சட்டம் இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, கணவன் அல்லது மனைவியின் பெற்றோர் இறந்தால் மூன்று நாள். மற்றவர் இறந்தால் ஒரு நாள். அதை முடிவு செய்யும்போது முதலாளி பார்க்க வேண்டியவை உறவின் நெருக்கம், ஈமக் காரியங்களில் தொழிலாளிக்கு உள்ள பொறுப்பு, மரபுப்படி அவருக்குள்ள கடமை ஆகியவை என்று சட்டமே சொல்கிறது. 2021-ல் கருச்சிதைவால் பிள்ளையை இழந்தவர்களையும் அதில் சேர்த்தார்கள். மனேஜர் மனம்போல் முடிவு செய்வதற்கும், இந்த மூன்று கேள்விகளைக் கேட்டு முடிவு செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது அவசர விடுமுறைக்கு வருவோம். இங்கே பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பல இடங்களில் அவசர விடுமுறை என்பது முன்னறிவிப்பின்றி எடுக்கும் ஆண்டு விடுமுறைதான். எடுத்த நாள் ஆண்டுக் கணக்கில் கழிந்துவிடும். தொழிலாளியோ அது தனி விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஆண்டு முடிவில் கிராணி கணக்கைக் காட்டும்போதுதான் சண்டை வரும். ஆகவே "இது ஆண்டு விடுமுறையில் கழிக்கப்படாது" அல்லது "கழிக்கப்படும்" என்ற ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

எது அவசரம் என்பதற்கும் பட்டியலைவிட இரண்டு கேள்விகள் மேல். இது முன்கூட்டித் தெரிந்திருக்க முடியாததா? இன்றைக்கே இவர் நேரில் இருந்தாக வேண்டுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அவசரம். பிள்ளையைத் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவசரம். ஒரு மாதத்துக்கு முன்பே குறித்த மருத்துவர் சந்திப்பு அவசரம் அல்ல, அது ஆண்டு விடுமுறை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவரும், சாலை மூழ்கியதால் வர முடியாதவரும் அன்றைக்கு இருந்தார்கள். இருவருக்கும் இந்த இரண்டு கேள்விகளே பதில் சொல்லிவிடும். அப்படிப்பட்ட நாளில் எழுத்து அத்தாட்சி கேட்பதில் பொருளில்லை. ஊரறிந்த பேரிடருக்கு அத்தாட்சி வேண்டாம் என்றும் எழுதிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்து நாம் முன்வைக்கும் வாசகம் இதுதான்:

ஒன்று. கணவர் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், வளர்த்தவர், கணவர் அல்லது மனைவியின் பெற்றோர், உடன்பிறந்தார், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை இறந்தாலும், கருவிலேயே பிள்ளையை இழந்தாலும், ஒவ்வோர் இழப்புக்கும் 3 வேலைநாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. அதை 30 நாளுக்குள் சேர்த்தோ பிரித்தோ எடுக்கலாம். வேறொருவர் இறந்தால், மேற்சொன்ன மூன்று கேள்விகளின்படி 1 நாள் உண்டு.

இரண்டு. முன்கூட்டித் தெரியாததும் அன்றைக்கே நேரில் இருந்தாக வேண்டியதுமான நிகழ்ச்சிக்கு ஆண்டுக்கு 2 வேலைநாள் சம்பளத்துடன் அவசர விடுமுறை உண்டு. அது ஆண்டு விடுமுறையில் கழிக்கப்படாது.

மூன்று. தொழிலாளியோ, அவர் சார்பில் வேறொருவரோ, மேற்பார்வையாளருக்கு அல்லது அலுவலகத்துக்குத் தொலைபேசியிலோ செய்தியிலோ சொன்னால் போதும். பெயர், இறந்தவர் யார் அல்லது நிகழ்ந்தது என்ன, எப்போது திரும்புவார் என்ற மூன்று விவரம் மட்டும் கேட்கப்படும்.

நான்கு. இறப்புப் பத்திரம், அடக்க அனுமதி, ஆஸ்பத்திரிக் கடிதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை, திரும்பி வந்த 14 நாளுக்குள் காட்டலாம்.

ஐந்து. வேலை நடுவில் செய்தி வந்து ஒருவர் கிளம்பினால் அந்த நாள் வேலை செய்த நாளாகவே கொள்ளப்படும். ஆண்டு விடுமுறையில் இருக்கும்போது இறப்பு நேர்ந்தால் அந்த நாட்கள் துக்க விடுமுறையாக மாற்றப்படும்.

மேற்பார்வையாளர்களே, இதில் நீங்கள் செய்ய வேண்டியது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்துச் சரி என்று சொல்வது, குறிப்பேட்டில் தேதியை எழுதுவது, இவ்வளவுதான். பட்டியலுக்கு வெளியே உள்ளவருக்கும் அவசரத்துக்கும் மட்டுமே யோசனை தேவை. செய்தி சொல்லும்போது பத்திரத்தைப் பற்றிப் பேச வேண்டாம். "போய் வாருங்கள், இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதே போதும். பத்திரத்துக்குப் பதினான்கு நாள் இருக்கிறது.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கும் கூலி வீதத்தில் உழைப்பவர்களுக்கும் ஒரு சொல். சம்பளத்துடன் என்றால் எவ்வளவு என்ற கேள்வி உங்களுக்குத்தான் எழும். முந்திய சம்பள காலத்தில் ஈட்டிய மொத்தக் கூலியை, உண்மையில் வேலை செய்த நாட்களால் வகுத்து வருவதே ஒரு நாள் வீதம் என்று சட்டம் சொல்லும் முறையையே இங்கும் எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடிப்படைக் கூலி மட்டும் கொடுத்துவிட்டுச் சம்பளத்துடன் கொடுத்தோம் என்பார்கள்.

இதைப் பெறும் வழியும் இருக்கிறது. சட்டத்தைவிட நல்ல நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதுவதை வேலைவாய்ப்புச் சட்டம் தடுப்பதில்லை. 1967-ம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 13-ம் பிரிவு, பதவி உயர்வு, மாற்றம், ஆட்சேர்ப்பு போன்ற சில விஷயங்களைக் கோரிக்கையில் சேர்க்கக் கூடாது என்கிறது. விடுமுறை அந்தப் பட்டியலில் இல்லை. நமது அழைப்புக் கிடைத்த 14 நாளுக்குள் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானால் குறைந்தது மூன்று ஆண்டு நிற்கும். ஆகவே ஓட்டையுள்ள வாசகத்தில் கையெழுத்திட்டால் அந்த மூன்று ஆண்டும் அதைச் சுமக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு கிளையும் தங்கள் இடத்தில் இப்போதுள்ள விதியை எடுத்துப் பாருங்கள். வேலைநாள் என்று இருக்கிறதா, பிரித்து எடுக்கலாமா, யார் யார் என்று பெயர் இருக்கிறதா, பத்திரத்துக்குத் தவணை உண்டா, ஆண்டு விடுமுறையில் கழியுமா. இந்த ஐந்துக்கும் பதிலை எழுதிக்கொண்டு அடுத்த செயலவைக் கூட்டத்துக்கு வாருங்கள். எங்கே ஓட்டை என்று அப்போது சேர்ந்தே பார்ப்போம்.