மோட்டார் சைக்கிளின் மின்பொறி

மோட்டார் சைக்கிளின் கிக்கரை உதைக்கிறோம். எஞ்சின் தாராளமாகச் சுழல்கிறது; ஆனால் பற்றிக்கொள்ள மறுக்கிறது. தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது; சாவியும் திருப்பப்பட்டிருக்கிறது. இந்நிலையில் ஸ்பார்க் பிளக்கையும், அதற்கு மின்சாரம் அனுப்பும் இக்னிஷன் காயிலையும் எவ்வாறு சோதிப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பாட்டரி, காயில், பாயிண்ட் என்ற மூன்றையும் கொண்ட பழைய ஒற்றைச் சிலிண்டர் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். அதில் நிகழ்வது ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். ஆகவே கற்பதற்கு அதுவே ஏற்றது.

முதலில் காயில் செய்யும் வேலையைப் பார்ப்போம். அதனுள் ஓர் இரும்பு உள்ளகத்தைச் சுற்றி இரண்டு சுருள்கள் உள்ளன. ஒன்று தடித்த கம்பியில் சில நூறு சுற்றுக்கள் கொண்டது; அது முதற்சுருள். மற்றொன்று தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியில் பல்லாயிரம் சுற்றுக்கள் கொண்டது, அது இரண்டாஞ்சுருள். பாயிண்ட் மூடியிருக்கும்போது பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் முதற்சுருளில் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்த ஓட்டம் அறுபடுகிறது. காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அச்சரிவே இரண்டாஞ்சுருளில் பல ஆயிரம் வோல்ட்டை எழுப்பிப் பிளக்கின் முனையில் பொறியாகப் பாய்கிறது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் வகுத்த இந்த முறை 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம் பெற்றது. பின்னர் பல பத்தாண்டுகள் உலகெங்கும் வண்டிகள் இதனாலேயே ஓடின.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் வண்டியை உதாரணமாகக் கூறுகிறேன். காலையில் அது ஒரே உதையில் கிளம்பும். இருபது நிமிஷம் ஓடியபின் எங்கேனும் நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து உதைத்தால் கிளம்பாது. ஒரு மணி நேரம் பொறுத்தால் மீண்டும் கிளம்பும். பட்டறைக்குத் தள்ளிச் சென்று சேர்வதற்குள் வண்டி ஆறிவிடும். அங்கே சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். இதற்குள் மூன்று புதிய பிளக்குகள் மாற்றப்பட்டிருந்தன. "பொறி நன்றாகத்தான் வருகிறது, சார்" என்று ஒவ்வொரு முறையும் அவருக்குச் சொல்லப்பட்டதாம். அவ்வாறு சொன்னவர் பொய் சொல்லவில்லை. சோதித்த வேளைதான் தவறு. வண்டி எப்போது மறுக்கிறதோ அப்போதே, அந்தச் சூட்டிலேயே, சோதனை நடக்கவேண்டும். ஆகவே வண்டியை இருபது நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, கால் மணி நேரம் காத்திருந்து, அது கிளம்ப மறுத்த பிறகே நாங்கள் கருவிகளை எடுத்தோம்.

முதல் சாட்சி பிளக். தொப்பியைக் கழற்றி, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, பிளக் ஸ்பானரால் அதைத் திருகி எடுக்கவேண்டும். எடுத்தவுடன் துடைத்துவிடக் கூடாது. முதலில் அதைப் பார்க்கவேண்டும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை என்று ஐயுற இடமுண்டு. அப்போது காயிலை விட்டுக் கார்பரேட்டரை நோக்கிச் செல்லவேண்டும். இந்தப் பிளக்கோ நனைந்திருந்தது. பெட்ரோல் வாடை வீசியது. பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்பது இதன் பொருள். ஈரமே சில வேளை பொறியைக் கெடுக்கும் என்பதால் அதை நன்றாக உலர்த்தினோம். பிறகு ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுகளை நுழைத்து இரு முனைகளுக்கும் இடையே உள்ள வெளியை அளந்தோம். அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட 0.6 மில்லிமீட்டர் அப்படியே இருந்தது. பீங்கானில் வெடிப்பு இல்லை.

இனிப் பொறியைப் பார்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. பிளக் இருந்த துளையிலிருந்து, உதைக்கும்போது பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும்; பொறி அருகில் இருந்தால் தீப்பற்றும். ஆகவே பெட்ரோல் குழாயை மூடி, துளையின் மேல் ஒரு துணியை அழுத்திவைத்து, பிளக்கைத் துளைக்கு எட்டத்திலேயே வைக்கவேண்டும். பிளக்கின் இரும்பு உடல் சிலிண்டர் தலையின் வெற்று உலோகத்தில் நன்றாகப் பதிந்திருக்க வேண்டும். கையால் பிடிப்பது கூடவே கூடாது. நண்பர் உதைத்தார், பொறி தெரிந்தது. ஆனால் அது மெலிந்து, செம்மஞ்சளாக, ஓசையின்றி இருந்தது. நல்ல பொறி நீலவெண்மையாகச் 'சட்' என்று ஒலிக்கும். புதுப் பிளக்கை மாட்டியும் அதே மெலிந்த பொறிதான்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பொறி தெரிகிறதே, பிறகு ஏன் எஞ்சின் எழவில்லை? திறந்த வெளியில் 0.6 மில்லிமீட்டர் தாண்ட இரண்டு மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள்ளோ, பிஸ்டன் மேலேறிக் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இடத்தில் நெருக்கி வைத்திருக்கிறது. நெருங்கிய காற்று மின்சாரத்திற்கு எளிதில் வழிவிடாது. அதே இடைவெளியைத் தாண்ட அங்கே ஏழெட்டாயிரம் வோல்ட்டோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும். ஆகவே வெளியில் தெரியும் பொறி, காயில் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் கூறும். வலுவோடு இருக்கிறது என்று கூறாது.

வலுவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சிலிண்டருக்குள் இருக்கும் நெருக்கடிக்குப் பதிலாக, வெளியில் அதிக தூரத்தைத் தாண்டச் சொல்வதுதான் அது. பிளக் தொப்பியைக் கம்பியிலிருந்து திருகிக் கழற்றி, காய்ந்த மரத் துணிக்கிளிப்பு ஒன்றால் கம்பியைப் பிடித்து, அதன் முனையைச் சிலிண்டர் தலையிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தினோம். நலமான காயில் இந்தத் தூரத்தை ஒவ்வோர் உதைக்கும் தாண்டும். இங்கே ஒன்றும் தாண்டவில்லை. தூரத்தை இரண்டு மில்லிமீட்டராகக் குறைத்தபோது மட்டும் எப்போதாவது ஒரு கீற்று வந்தது. பிளக்கும் தொப்பியும் இந்தச் சோதனையில் இல்லவே இல்லை. ஆகவே குற்றம் அவற்றுக்கு முன்னால் இருக்கிறது.

ஆயினும் காயில்தான் குற்றவாளி என்று இப்போதே தீர்ப்புக் கூறலாகாது. காயிலுக்கு வந்து சேரும் மின்சாரம் குறைந்தாலும், பாயிண்ட் அழுக்கேறியிருந்தாலும், பாயிண்டோடு இணைந்த கண்டென்சர் கெட்டாலும் பொறி இவ்வாறே மெலியும். காயிலின் முனையில் 12.3 வோல்ட் இருந்தது, குறையில்லை. பாயிண்ட் மூடியிருக்கையில் அதன் இரு பக்கங்களுக்கும் இடையே வோல்ட் ஏதும் சொல்லத்தக்க அளவில் இல்லை. ஆகவே அது நன்றாகத் தொடுகிறது. கண்டென்சரும் சூட்டில் கெடக்கூடிய பொருளே. அதன் விலை அற்பம்; எனவே ஆராயாமல் வேறொன்றை மாற்றிப் பார்த்தோம். பொறி மாறவில்லை.

இப்போது காயிலின் முறை. சாவியை அணைத்து, காயிலின் இரு சிறு முனைகளிலிருந்தும் கம்பிகளைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தோம். முதற்சுருள் 3.5 ஓம் காட்டியது. இத்தகைய 12 வோல்ட் காயிலுக்கு இது இயல்பானதே. சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள்: 12-ஐ 3.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.4 ஆம்பியர், 12 வோல்ட்டால் பெருக்கினால் 41 வாட். எஞ்சின் ஓடாமல், பாயிண்ட் மூடிய நிலையில், சாவியைத் திருப்பியே வைத்திருந்தால் இந்த 41 வாட்டும் காயிலுக்குள்ளேயே சூடாக மாறுகிறது. பல காயில்கள் ஓட்டத்தில் அல்ல, இந்த மறதியிலேயே வெந்து போகின்றன.

அடுத்து இரண்டாஞ்சுருள். மீட்டரின் ஒரு முனையைத் தொப்பி நீக்கிய தடித்த கம்பியிலும், மற்றதைக் காயிலின் சிறு முனை ஒன்றிலும் வைத்தோம். தொப்பியை நீக்காமல் அளந்தால், அதனுள் வைக்கப்பட்டிருக்கும் தடையும், பெரும்பாலும் 5,000 ஓம், கணக்கில் சேர்ந்துவிடும். காயில் நலமாக இருந்தால் சில ஆயிரம் ஓம் காட்டவேண்டும். சரியான எண்ணை அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். மீட்டர் எதையும் காட்டவில்லை. சுற்று அறுந்திருக்கிறது! காயிலைக் கழற்றி நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடியும் அளந்தோம். இப்போது 9,200 ஓம். குற்றமே இல்லாததுபோல் நின்றது.

விஷயம் விளங்கிவிட்டது. மெல்லிய கம்பியில் எங்கோ ஒரு முறிவு. குளிரில் முறிந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. சூட்டில் சுருள் விரியும்போது மயிரிழை விலகுகின்றன. அந்தக் காயில் பெட்ரோல் தொட்டிக்குக் கீழே, எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. வண்டி ஓடும்போது காற்று வீசி அதைக் குளிர்விக்கும். நின்றவுடன் காற்று நின்று, எஞ்சினின் வெப்பம் மேலெழும்பி அங்கே தேங்குகிறது. நிறுத்திய கால் மணி நேரத்தில் வண்டி மறுத்ததன் காரணம் இதுவே.

சுற்று அறுந்திருந்தும் மெலிந்த பொறி ஒன்று வந்ததே, அது எப்படி என்று நீங்கள் கேட்கலாம்; நல்ல கேள்வி. ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஒரு மயிரிழை இடைவெளி பெரிய தடையன்று. அதையும் ஒரு பொறியாகத் தாண்டியே மின்சாரம் வெளியே வந்தது. ஆனால் வலுவில் ஒரு பங்கை உள்ளேயே செலவிட்டுவிட்டு வந்தது. எஞ்சியது திறந்த வெளியில் வேடிக்கை காட்டப் போதும், சிலிண்டருக்குள் போதாது. மீட்டரின் சிறு பாட்டரியோ சில வோல்ட்டே உடையது; அந்த மயிரிழையும் அதற்கு மதில்தான்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சுருளின் காப்புப்பூச்சு மட்டும் பழுதடைந்தால், மீட்டரின் சில வோல்ட்டுக்கு அது அடங்கியிருக்கும். பல்லாயிரம் வோல்ட் எழும்போதுதான் உள்ளுக்குள்ளேயே கசியும். அத்தகைய காயில் மீட்டரில் தேறிவிடும்; 6 மில்லிமீட்டர் சோதனையில் தோற்கும். ஆகவே என் கணிப்பில், மீட்டரைவிட அந்தத் துணிக்கிளிப்பே நம்பத்தக்கது. மின்னணு இக்னிஷன் உள்ள பிற்கால வண்டிகளில் மட்டும் இந்தத் தூரச் சோதனையைச் செய்ய வேண்டாம். பொறிக்கு வழியின்றிப் போனால் அதன் மின்னணுப் பெட்டி பழுதாகக்கூடும். அவற்றில் பிளக்கை எஞ்சினின் உடலில் நன்றாகப் பதித்தே பார்க்கவேண்டும். அவற்றில் பலவற்றின் முதற்சுருள் ஓர் ஓமுக்கும் குறைவாகவே காட்டும். அதைக் குற்றமென்று எண்ணிவிடக் கூடாது.

ஆசிரியரின் வண்டிக்குப் புதுக் காயில் ஒன்று பொருத்தினோம். மறுபடியும் இருபது நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, கால் மணி நேரம் காத்திருந்து, முதலில் கம்பியை 6 மில்லிமீட்டரில் நிறுத்திப் பார்த்தோம். நீலப்பொறி சட்டென்று ஒலித்துத் தாண்டியது. பழைய பிளக்கையே திரும்ப மாட்டினோம். இரண்டாவது உதையில் எஞ்சின் எழுந்தது.